மௌனம் ஊடல் அன்று

கணவனோ மனைவியோ சிறு கருத்து வேறுபாட்டுக்குப் பின் நாட்கணக்கில் வாய் திறவாதிருப்பதை ‘ஊடல்’ என்று அழைத்துப் பெருமை சேர்ப்பது நம் அறிவுலகின் பழைய ஏமாற்று. தொல்காப்பியம் ஊடலை மருதத்தின் உரிப்பொருளாக வைத்தபோதே அதைத் தீர்க்கப் பாணனையும் தோழியையும் வாயில்களாக நிறுத்தியது. வள்ளுவர் புலவியை உப்புக்கு ஒப்பிட்டு, நீள விடுவது உப்பு மிகுவது போன்றது என்றார். ஊடலுக்குக் காரணம் உண்டு, தூது உண்டு, முடிவும் உண்டு. இம்மூன்றும் இல்லாத மௌனம் வேறொன்று.

தில்லியில் ஆய்வு மேற்கொள்ளும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மாதக் களப்பணிக்குச் செல்வதாகச் சனிக்கிழமை இரவு கணவனிடம் சொல்கிறாள். சிறு வாக்குவாதம், பிறகு அவன் பேசுவதில்லை. நண்பர்களோடு தொலைபேசியில் சிரிக்கிறான். அவள் கேள்விக்கு மட்டும் விடையில்லை. புதன்கிழமை, எது தவறு என்றே அறியாமல் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அவன் தேநீர் கேட்கிறான். வீடு இயல்புக்குத் திரும்புகிறது. ஆனால் களப்பணி இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. ‘போகாதே’ என்று அவன் ஒருமுறையும் சொல்லவில்லை.

உரையாடல் பகுப்பாய்வு இதைத் தெளிவாக விளக்கும். கேள்வி எழுந்தபின் விடைக்கான இடம் திறந்துவிடுகிறது. அங்கே பேசாதிருப்பது வெற்றிடமன்று, செயல். மறுப்பைச் சொல்லால் சொன்னால் எதிர்வாதம் செய்யலாம். மௌனத்தோடு வாதிட இயலாது. அதன் ஆற்றலும் அநீதியும் அதுவே.

எல்லா மௌனமும் தண்டனையன்று என்பதும் உண்மை. சண்டையில் நெஞ்சு படபடத்துச் சிந்தை தடுமாறுபவர் உண்டு. குறைந்தது 20 நிமிட இடைவெளி அவருக்குத் தேவை என்கிறார் தம்பதியர் ஆய்வாளர் ஜான் காட்மன். அத்தகையவர் ‘இப்போது முடியவில்லை, இரவு பேசுவோம்’ என்பார். இரவு பேசவும் செய்வார். தண்டிப்பவர் நேரம் குறிப்பதில்லை. பேசத் தொடங்கிய பின்னும் விட்ட பொருளைத் தொடுவதில்லை.

எனவே ‘பொறுத்துப் போ’ என்னும் அறிவுரை தீங்கானது. மௌனத்தை முடிக்க மட்டும் கேட்கப்படும் மன்னிப்பு அடுத்த மௌனத்துக்கான முன்பணம். அவள் ஒருமுறை சொல்லலாம்: “கோபம் ஆறட்டும். களப்பணி பற்றி வியாழன் இரவு பேசுவோம்.” பிறகு கெஞ்சலும் துரத்தலும் வேண்டா, தன் பணியும் தோழியரும் தொடரட்டும். பேச்சு திரும்பியதும், தேநீரின் இனிமையில் மயங்காமல், விட்ட இடத்திலிருந்தே அவள் தொடங்க வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. குறித்த வியாழன்கள் ஒவ்வொன்றும் கடந்துபோனால், வீட்டுச் செலவுப் பணமும் மௌனத்தோடு நின்றால், பேசுமுன் அச்சம் எழுந்தால், அது உரையாடல் திறனின் குறையன்று. அது ஆட்சி. ஆட்சியை இன்சொல்லால் திருத்த முடியாது. வெளியாரின் துணை வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனவழித் துன்புறுத்தலையும் வன்முறையென்றே கணக்கிடுகிறது. அதை ஊடல் என்று அழைப்போர் அகத்திணையையும் அறியார், அகத்தையும் அறியார்.