“பால் வெட்டா, அடியோடயா?”

ஈப்போவில் அண்மையில் நடந்த சிறு கவிதைக் கூட்டத்தில் ஓர் இளைஞர், சாலை விரிவாக்கத்துக்காகச் சாய்க்கப்பட்ட ஒரு மரத்தைப் பற்றிக் கவிதை வாசித்தார். முன்னாள் ரப்பர் தோட்டம் ஒன்றின் முகப்பில் நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. நிழல் போனது, மைனாக்கள் போயின, பஸ் நிறுத்தமும் போனது என்று கவிதை வரிசையாகச் சொல்லி, மரத்தைத் தாய் என்று அழைத்து முடிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “வெட்டினாங்கன்னு சொல்றியே தம்பி, பால் வெட்டா, அடியோடயா?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. தோட்டத்தில் ‘வெட்டு’ என்றால் உயிரெடுப்பது அல்ல. விடியும் முன் எழுந்து, பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, பால் கோப்பையில் வடியவிடுவது. கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு சரியாக வெட்ட முடியாது. பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்தச் சாய்ப்புக்கு யாரும் அழுததாக நான் கேட்டதில்லை. கூலி தந்த மரத்துக்கு வராத கண்ணீர், நிழல் தந்த மரத்துக்கு ஏன் வருகிறது? கவிதை தொட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

தாய் என்று பெயர் சூட்டினால் மட்டும் மரம் உறவாகிவிடாது. நற்றிணையின் 172ஆம் பாட்டில் புன்னை மரம் தங்கையாகிறது என்றால், அதற்கொரு கதை இருக்கிறது. விளையாட்டில் மணலில் புதைத்து மறந்த விதை முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். அதனால்தான் அதன் நிழலில் காதலனோடு பேசத் தலைவிக்கு வெட்கம்.

தூங்குமூஞ்சிக்கும் அப்படிக் கதை உண்டு. மாலையிலும் மழை மூட்டத்திலும் இலை மடிக்கும் மரம் என்பதால் மலாயில் அதை ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். கவிதையில் வரும் நிறுத்தத்தில் பெயர்ப்பலகை இருந்ததில்லை. ஓட்டுநரிடம் “மரத்தடி” என்றால் போதும். எனவே மரம் விழுந்தபோது பயணிகள் இழந்தது நிழலை மட்டுமல்ல, இறங்கும் இடத்தின் பெயரையும்தான்.

1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சாய்க்க, சில விலக்குகள் தவிர, உள்ளூர் மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது. சட்டம் அளப்பது தண்டை. மரத்தடியில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதை அந்த நாடா அளக்காது. அதை எழுதிவைக்கக் கவிதையால்தான் முடியும்.

பாட்டியின் கேள்விக்கு இளைஞர், “அடியோட, பாட்டி” என்றார். “அப்போ அதையே எழுது. பஸ்ஸில ஏறினா இப்போ எங்க இறக்கிவிடச் சொல்றாங்கன்னும் எழுது” என்றார் பாட்டி.