ஒரு துண்டுக் கடுதாசிக்கு ஏன் இத்தனை பயம்?



நான் நாலாம் ஆண்டில் படிப்பித்த பிள்ளை ஒருத்தி. இப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. புருஷனும் அவளும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு மட்டக்களப்புக்குப் பிழைக்கப் போய், செட்டிபாளையத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடமாகிறது. மாதம் 7,000 ரூபாய் வாடகை, ஒரு மாதம் கூடப் பிந்தவில்லை. அவளுக்கு நல்ல வேலையொன்று கிடைக்கும்போல இருந்தது. வதிவிடச் சான்றிதழ் கேட்டார்கள். அங்குதான் கதை தொடங்கியது.

செட்டிபாளையத்தில் விதானையார், "வீட்டுச் சொந்தக்காரரிடம், ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வா மகள்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வாக்காளர் இடாப்பில் பேர் இல்லாத ஒருவர் தன் பிரிவில் இருக்கிறார் என்று கையெழுத்து வைப்பவருக்கு ஏதோ ஒரு பிடி வேண்டும். வீட்டுக்கார அம்மாவோ, "இருந்துகொள் புள்ள, சோறு கறி கேள், தாறன். கடுதாசி மட்டும் கேக்காத" என்றுவிட்டார். பிள்ளை பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்தாள். இங்குள்ள கிராம உத்தியோகத்தர், "நீ இரண்டு வருடமாக இங்கே இல்லையே, இல்லாத ஆளை இருக்கிறதென்று எப்படி எழுதுவது?" என்றார். அதுவும் நியாயந்தான். இருக்கிற இடத்தில் ஆள் என்று எழுதவும் ஆளில்லை, இல்லாத இடத்தில் எழுதவும் முடியாது. இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கள் பிள்ளை விலாசமில்லாமல் நின்றாள்.

விடுமுறை நாளொன்றில் பதுளையில் பஸ் ஏறி, மகாஓயா, செங்கலடி வழியாக மட்டக்களப்புப் போய், அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் செட்டிபாளையம் இறங்கினேன். அந்த அம்மாவிடம் நேரே கேட்டேன்: "கடிதம் எழுதினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அம்மா?" நல்ல மனுசி, மறைக்கவில்லை. பத்து வருடம் விலாசத்தோடு இருந்துவிட்டால் காணி அவர்களுக்குப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பிதான் சொன்னதாம்.

இந்தப் பயத்தைத்தான் நான் இங்கே கொஞ்சம் உரித்துப் பார்க்க விரும்புகிறேன். இது செட்டிபாளையத்தில் மட்டுமல்ல, கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பையன்கள் தங்கும் அறைகளிலும் இருக்கிறது.

பத்து வருடக் கதை பொய்யல்ல. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஆனால் அரைவாசியைத்தான் தம்பி சொல்லியிருக்கிறார். ஒருவர் பத்து வருடம் ஒரு காணியை ஆண்டு உரிமை கேட்பதானால், அவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காதவராக, அவருக்கு எதிராக அல்லது அவரைச் சாராமல் ஆண்டிருக்க வேண்டும். வாடகை கொடுத்து இருப்பவர் ஒவ்வொரு மாதமும் "காணி உங்களுடையது" என்றுதானே ஒத்துக்கொள்கிறார்? அவருக்கு அந்தப் பத்து வருடம் தொடங்குவதே இல்லை.

இப்போது கடிதத்தைப் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது? "இந்த வீடு எனக்குச் சொந்தமானது, இவர் என் அனுமதியோடு வாடகைக்கு இருக்கிறார்" என்று இருக்கிறது. வாடகைக்காரர் அதையே பிரதேச செயலகம்வரை கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாளைக்கு வழக்கென்று வந்தால் அந்தக் கடிதம் யாருக்குச் சாட்சி? வீட்டுக்காரருக்கு! கடிதம் எழுதாமல், பற்றுச்சீட்டும் கொடுக்காமல், வாயாலேயே வாடகைக்கு விடுகிறவர்தான் தன் சாட்சியைத் தானே எரிக்கிறார்.

"அப்படியானால் வாடகைக்காரரை எழுப்ப முடியாமல் போகுமே" என்றார் அந்த அம்மா. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சில வீடுகளில் குடியிருப்பாளருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, அது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு வாடகைக்கு இருப்பதால் வருவது, கடிதத்தால் அல்ல. கடிதம் எழுதாததால் அது குறையாது, எழுதியதால் கூடவும் கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் வீட்டுக்காரரின் தயக்கத்தை நான் ஒத்துக்கொள்வேன். கிழக்கில் பல காணிகள் உறுதிக் காணியல்ல, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அப்படியான காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் வாடகைக்கோ குத்தகைக்கோ விடக்கூடாது. அதை எழுத்தில் வைக்கச் சொல்வது அவரை மாட்டிவிடுவது போலாகும். ஆகவே அறை எடுக்கப் போகும்போதே, முற்பணம் கையைவிட்டுப் போகுமுன்னே, "உறுதிக் காணியா, பெர்மிட்டா? விலாசத்துக்குக் கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். பிறகு கேட்டால் சண்டை, முதலே கேட்டால் பேச்சு.

அந்த அம்மாவினுடையது உறுதிக் காணி. முற்றத்திலேயே உட்கார்ந்து எழுதினோம். நான் எழுதிய மாதிரி இதுதான், வேண்டியவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

"கீழே ஒப்பமிடும் நான், இன்ன இலக்க அடையாள அட்டையையுடைய இன்னார், இன்ன விலாசத்திலுள்ள வீட்டின் உரிமையாளர். இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய இன்னார் இன்ன திகதியிலிருந்து என் அனுமதியோடு மாத வாடகைக்கு இங்கே வசித்து வருகிறார். வதிவிடச் சான்றிதழ் பெறுவதற்கு இவ்விலாசத்தைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபனை இல்லை. இதனால் அவருக்கு இவ்வீட்டிலோ காணியிலோ எந்த உரித்தும் உண்டாகாது. வாடகை முடிவுறும் நாளில் இக்கடிதமும் செல்லுபடியற்றதாகும்."

கீழே திகதி, ஒப்பம், தொலைபேசி இலக்கம். அதோடு வீட்டுக்காரரின் அடையாள அட்டைப் பிரதியும், அவர் பேரிலுள்ள கரண்ட் பில் அல்லது சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதியும். எந்தத் தேவைக்கு என்று கட்டாயம் எழுதுங்கள். "எல்லாத் தேவைக்கும்" என்று எழுதினால்தான் வீட்டுக்காரர் பயப்படுவார், பயப்படவும் வேண்டும். திகதியையும் முன்னுக்குப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். பாடசாலை அனுமதிக்காகப் பொய்த் திகதியில் கடிதம் வாங்கியவர்களால்தான் உண்மையாக வாடகைக்கு இருப்பவர் பேச்சையும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

விதானையார் அன்று பின்னேரமே கையெழுத்து வைத்தார். மறுநாள் களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் கிடைத்தது. வேலை விண்ணப்பத்தின் முடிவுத் திகதி மட்டும் நாலு நாளுக்கு முன்னே போய்விட்டிருந்தது.

வரும் வழியெல்லாம் எனக்கு வேறொரு வீட்டுக்காரரின் நினைவுதான். செட்டிபாளையத்து அம்மா பயத்தில் மறுத்தார், சொன்னதும் விளங்கிக்கொண்டார். எங்கள் லயத்து வீட்டுக்காரருக்கு என்ன பயம்? லயத்துக்குக் கரண்ட் எடுக்கத் துரையின் கடிதம். பின்னால் ஒரு குசினி இறக்கத் துரையின் கடிதம். தபால் வந்தால் தோட்டத்து ஒபிசில் கிடக்கும். நூறு வருடத்துக்கு மேல் ஒரே லயத்தில் இருந்த குடும்பமும் ஆட்சேபனை இல்லை என்ற துண்டுக்காக ஒபிஸ் வாசலில் நிற்கிறது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1992இல் அமைக்கப்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கே அந்தக் காணி சொந்தமில்லை. அரசாங்கத்திடம் 53 வருடக் குத்தகைக்கு எடுத்தவை. அவர்களும் குடியிருப்பவர்கள்தான்! ஒரு வாடகைக்காரர் இன்னொரு வாடகைக்காரருக்கு விலாசம் தர மறுக்கிறார், அதுவும் அவருக்கு முன்னமே அங்கே இருந்தவருக்கு.

ஆகவே கிளைக் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இது. வதிவிடத்துக்காகக் கேட்கும் கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடிதம் கிடைக்காதவருக்கு, வாடகைப் பற்றுச்சீட்டையும் அயலவர் இருவரின் வாக்குமூலத்தையும் வைத்து, வீட்டை நேரில் பார்த்துச் சான்று கொடுக்கும்படி கிராம உத்தியோகத்தர்களுக்குப் பணிப்புரை வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும். வெளியூரில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகளின் பேரும் ஊரும் கூட்டத்துக்கு முன்னே தலைவர்மாரிடம் கொடுங்கள். கடிதம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எந்தத் திகதியில் யார் மறுத்தார் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.