டிஷ்வாஷருக்கு முன் குழாயடி அலசல் தேவைதானா?

பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்குவதற்கு முன் குழாயடியில் ஒருமுறை அலசிவிட வேண்டும், இல்லையேல் அவை சுத்தமாகா என்ற கருத்து, அந்த இயந்திரம் உள்ள வீடுகளில் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டிருக்கிறது. ஒட்டிய உணவை இயந்திரம் தானாக அகற்றாது, பருக்கைகள் வடிகட்டியை அடைத்துவிடும், அலசலுக்குச் செலவாகும் நீரோ அற்பமானது என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இம்மூன்றும் ஆராய்ச்சிக்கு நிற்பவை அல்ல.

முதல் காரணம் டிடர்ஜென்ட் வேலை செய்யும் விதத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. இன்றைய டிஷ்வாஷர் தூளிலும் மாத்திரையிலும் பொதுவாக இருவகை நொதிகள், அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளைச் சிதைக்கும் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்கள், சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் அமைலேஸ் மாவுச்சத்தையும் புரோட்டியேஸ் புரதத்தையும் உடைக்கின்றன. தட்டில் காய்ந்த சாதம், கிண்ணத்தில் ஒட்டிய இட்லி மாவு, முட்டைக் கறை ஆகியவை இவ்விரண்டாலும் ஆனவை என்பதால், வெதுவெதுப்பான நீரில் போதிய நேரம் கிடைத்தால் நொதிகள் அவற்றைக் கரையும் துண்டுகளாக்கிவிடுகின்றன. இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வதற்கு இந்த அவகாசமும் ஒரு காரணம். குழாயடியில் சில நொடிகளில் கை செய்ய முயல்வது, உள்ளே எப்படியும் நடக்கவிருக்கும் வேலையையே.

முன்கழுவல் வீண் என்பதோடு நில்லாமல் சில வேளைகளில் தீமையும் செய்கிறது. பல இயந்திரங்களில் கலங்கல் உணரி ஒன்று உண்டு. அது கழுவிய நீரின் ஊடே ஒளியைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதைக் கொண்டு அழுக்கின் அளவை மதிப்பிடும் கருவி. தானியங்கி முறையில் ஓடும்போது நீர் கலங்கியிருந்தால் இயந்திரம் நேரத்தையும் நீர் மாற்றத்தையும் கூட்டுகிறது, தெளிந்திருந்தால் குறைத்துக்கொள்கிறது. பருக்கைகள் மட்டும் அலசப்பட்டு, குளிர்ந்த நீருக்கு அசையாத எண்ணெய்ப் படலம் தட்டிலேயே தங்கியிருக்கும் நிலையில், முதல் நீர் தெளிவாகத் தெரிவதால் அப்படலத்துக்குத் தேவையான முழுச் சுற்று கிடைக்காமற்போகலாம். குழம்புக் கிண்ணம் பிசுபிசுப்போடு வெளிவந்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக அலச வேண்டும் என்று முடிவு செய்வது, இதனால் குறையை நீட்டிக்கவே உதவும்.

வடிகட்டி பற்றிய அச்சத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. எலும்பு, கறிவேப்பிலை, புளிச்சக்கை, சாதத் திரள் ஆகியவற்றைக் குப்பையில் வழித்துப் போட வேண்டும். ஆனால் அதற்குக் கரண்டியோ பழைய தாளோ போதும், நீர் வேண்டியதில்லை. அடியிலுள்ள வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவதே அடைப்புக்கான மருந்து.

நீர்க்கணக்கே மிகத் தெளிவான மறுப்பு. நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் குழாயில் ஒரு பாத்திரத்துக்குப் பத்து நொடி வீதம் அலசினால் 1 லிட்டர் செலவாகும். 30 பாத்திரங்களுக்கு 30 லிட்டர். திறன்மிக்க புதிய இயந்திரம் ஒரு முழுச் சுற்றுக்குப் பயன்படுத்துவதோ சுமார் 10 முதல் 13 லிட்டர்தான். உதவிக்கென்று செய்யப்படும் வேலை, முதன்மை வேலையைப் போல் இரு மடங்குக்கும் மேலான நீரைக் குடித்துவிடுகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நகரத்தில் இதை அற்பம் என்பது பொறுப்பான பேச்சன்று.

எதிர்த்தரப்பிலும் ஒரு மிகைக்கூற்று உலவுகிறது: உண்பதற்கு அழுக்கு இல்லாவிடில் நொதிகள் கண்ணாடியைத் தின்றுவிடும் என்பது. கண்ணாடி மாவுச்சத்தும் அன்று, புரதமும் அன்று. ஆகவே நொதிகளுக்கு அதில் வேலையில்லை. கண்ணாடி மங்குவதற்கு மென்மையான நீர், மிகுதியான காரம், உயர்ந்த வெப்பம் ஆகியவையே காரணம்.

பலர் முன்கழுவலுக்குத் திரும்புவதற்குக் காரணமாகும் வெண்படலமும் பெரும்பாலும் உணவால் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து படிவதால் அது உண்டாகிறது. படலத்தின் மீது சிறிது வினிகரைத் தேய்த்தால் மறைந்துவிடுமாயின் அது உப்புப் படிவு. இயந்திரத்தின் மென்னீராக்கியில் அதற்குரிய உப்பை நிரப்பி, நீரின் கடினத்தன்மைக்கேற்ப அமைப்பை மாற்ற வேண்டும். மறையாவிடில் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அது மீளாது. விரலுக்கு நறநறவென்று தட்டுப்பட்டால் மட்டுமே வடிகட்டியையும், நீரைப் பீய்ச்சும் சுழற்கைகளின் துளைகளையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் முன்வேலை நியாயமானது. அடிபிடித்துக் கருகிய பாத்திரத்தில் உணவு கரியாகிவிட்டதால் நொதிகள் பயன்படா. அதை ஊறவைத்துத் தேய்த்தே ஆக வேண்டும். இயந்திரம் நிறைய ஓரிரு நாள் ஆகும் சிறு குடும்பத்தில், வாடையைத் தவிர்க்க, பெரும்பாலான இயந்திரங்களில் உள்ள குறுகிய அலசல் முறையை ஒருமுறை ஓட்டினால் சில லிட்டரிலேயே எல்லாப் பாத்திரங்களும் நனைந்துவிடும்.