பணம் கேட்கிறவர் யாரு?

ஏரி தூர்வார இணையத்துல நிதி திரட்டுற பசங்க, தன்னைப் பத்தி எழுதற இடத்துல "சமூக ஆர்வலர், இயற்கை நேசிப்பவர்"னு போடுறாங்க. இதை யார் வேணாலும் எழுதலாமே!

எங்க ஊர்ப் பையன்கிட்ட இப்படி எழுதச் சொன்னேன்: "இந்த ஏரி மதகுக்குக் கீழே எங்களுக்கு 2 ஏக்கர் நெல். மண் மேடிட்டதால தை மாசமே தண்ணி வத்திடுது. ஏரி ஆழமானா எனக்கும் லாபம்தான்."

சொந்த லாபத்தை மறைக்காதவன் பேச்சைத்தான் நீங்க நம்புவீங்க. அதோட, ஊருக்கு வந்து விசாரிச்சா இது மெய்யா பொய்யான்னு தெரிஞ்சிடும். 'ஆர்வலர்'ங்கிறதை எங்க போய் விசாரிக்கிறது? பணம் யார் கணக்குக்குப் போகுது, தூர்வார யார்கிட்ட அனுமதி வாங்கினோம்னும் அங்கேயே எழுதிடணும். போட்டோவும் ஸ்டுடியோவுல எடுத்தது வேண்டாம், மதகு மேல நின்னு எடுத்தது போதும்.