முப்பது நாள் தவணை

கடவுச்சொல்லைத் திருடியவர் ஃபேஸ்புக் கணக்கை அழிக்கச் சொன்னாலும் அது உடனே அழிவதில்லை; 30 நாள் தவணை உண்டு. தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் கணக்குக்கு மார்ச் 3 அன்று அழிப்புக் கோரிக்கை போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 2-க்குள் அவர் உள்ளே நுழைந்து `Cancel Deletion` பொத்தானை அழுத்தினால் படங்களும் பதிவுகளும் திரும்பக் கிடைக்கும். ஆனால் நுழைவதுதான் பெரும்பாடு. கடவுச்சொல்லோடு மின்னஞ்சல் முகவரியையும் திருடர் மாற்றியிருப்பார். அப்போது பழைய முகவரிக்கு ஓர் எச்சரிக்கை மடல் வந்திருக்கும். மாற்றத்தை மறுக்கும் இணைப்பு அதிலேயே இருக்கும். பலர் அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். மடல் இல்லாவிட்டால், முன்பு பயன்படுத்திய அதே கைப்பேசியிலிருந்து `facebook.com/hacked` பக்கத்துக்குப் போக வேண்டும்.

அழிப்பை நிறுத்தியதோடு விட்டுவிட்டால் திருடர் மறுபடி கோரிக்கை வைக்கலாம். அவருடைய கருவியில் கணக்கு இன்னும் திறந்தே இருக்கக்கூடும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, அவர் சேர்த்த முகவரியை நீக்கி, புதுக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைக்க வேண்டும். மின்னஞ்சலும் களவு போயிருந்தால் அதைத்தான் முதலில் மீட்க வேண்டும். தரவு முழுதாக நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று நிறுவனம் சொல்வதைக் கூடுதல் தவணையாக எண்ணக்கூடாது. அது சர்வர்களைத் துடைக்கும் காலம். வாட்ஸ்அப் கணக்கை அழித்தால் இந்த 30 நாள் தவணையும் கிடையாது.