போஸ்ட்பெய்டு பில்: ஒரே தொகையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கயத்தாறு பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம். வீட்டுக்காரர் பேரில் ஒரு போஸ்ட்பெய்டு செல்போன் இருக்கிறது. மாதாமாதம் 471 ரூபாய்க்குள் வரும் பில், இந்த மாதம் 3,484 ரூபாய் என்று வந்திருக்கிறது. உளுந்து விதைக்கும் டி.ஏ.பி.க்கும் ஒதுக்கி வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. கேட்டால், "நீங்கள் உபயோகித்ததற்குத்தான் பில்" என்கிறார்கள். கட்டுவதா, மறுப்பதா? பில்லின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

– வாசகி, கயத்தாறு

பதில்: முழுவதையும் கட்டவும் வேண்டாம், முழுவதையும் மறுக்கவும் வேண்டாம். இந்த பில்லில் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கட்ட வேண்டியது. மற்ற இரண்டையும் கேள்வி கேட்கலாம். ஆனால் "பில் அதிகமாக வந்துவிட்டது" என்று மொத்தமாகப் புகார் சொன்னால், "உபயோகித்தீர்கள்" என்று மொத்தமாகவே பதில் வரும். சந்தையில் எடைச் சீட்டு வாங்கினால் மொத்த எடை, சாக்கு எடை, கழிவு என்று ஒவ்வொரு வரியாகத்தானே பார்க்கிறோம்? இதையும் அப்படியே பார்க்க வேண்டும்.

பில்லின் முதல் பக்கத்தில் மொத்தத் தொகைகள் மட்டுமே இருக்கும். விவரம் முழுவதும் பின்பக்கங்களில், தேதி வாரியாக இருக்கும். வாசகி அந்தப் பக்கங்களையும் அனுப்பியது நல்லதாயிற்று. அவை கையில் இல்லாதவர்கள் கம்பெனியின் செயலியில் எடுக்கலாம். அல்லது 198-க்கு அழைத்து, விவரப் பட்டியலுடன் கூடிய பில் வேண்டும் என்று கேட்கலாம். முதலில் போன மாதப் பாக்கியோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாசகியின் பில்லில் அப்படி எதுவும் இல்லை. கணக்கு இப்படி இருக்கிறது: மாத வாடகை 399 ரூபாய், கூடுதல் டேட்டா 778.24, வெளிநாட்டு ரோமிங் 1,535, மதிப்புக் கூட்டுச் சேவை 240. ஆக 2,952.24. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 531.40. மொத்தம் 3,483.64.

கூடுதல் டேட்டா

இந்த பிளானில் மாதத்துக்கு 40 ஜி.பி. உண்டு. அதற்கு மேல் போனால் ஒரு எம்.பி.க்கு 2 பைசா. 2 பைசா என்பது கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு ஜி.பி. என்பது 1,024 எம்.பி.; ஆகவே ஒரு ஜி.பி.க்கு 20 ரூபாய் 48 பைசா ஆகிறது. வாசகி வீட்டில் மொத்தம் 78 ஜி.பி. ஓடியிருக்கிறது. கூடுதல் 38 ஜி.பி.; அதை 20.48-ஆல் பெருக்கினால் 778.24. கணக்கில் பிழை இல்லை.

ஓடியது உண்மைதானா என்பதைத் தேதி வாரிப் பட்டியல் சொல்லும். முதல் 11 நாள் தினமும் ஒரு ஜி.பி. அளவில்தான் இருக்கிறது. 12-ஆம் நாளிலிருந்து தினமும் மூன்றரை ஜி.பி. ஆகிவிடுகிறது, அதுவும் இரவு 7 மணியிலிருந்து 10 மணிக்குள். வீட்டில் புதிய டி.வி.யை இந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் அந்த வாரம்தான் என்று வாசகியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தெளிவான வீடியோ படம் பெரிய டி.வி.யில் ஓடினால் மணிக்கு ஒரு ஜி.பி.யும் அதற்கு மேலும் இழுக்கும். ஆகவே இது கட்ட வேண்டிய பணம். வரம்பை நெருங்கும்போதும் முடியும்போதும் கம்பெனி எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்க வேண்டும். அது வந்ததா என்று போனில் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதையும் புகாரில் சேர்க்கலாம். ஆனால் அதை வைத்து இந்தத் தொகை முழுவதும் தள்ளுபடியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு ரோமிங்

"நாங்கள் வெளிநாடு போகவே இல்லையே" என்று வாசகி கேட்கிறார். "International Roaming" என்ற தலைப்பின் கீழுள்ள வரியைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. நாடு: இலங்கை. தேதி: ஆடி அமாவாசை. அன்று குடும்பத்தோடு இராமேஸ்வரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடியும் பார்த்து வந்திருக்கிறார்கள். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இடையில் கடலைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. நம் பக்கத்து டவர் சிக்னல் குறைந்த இடத்தில், போன் தானாகவே இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. பிரீபெய்டு போனில் பணமோ பேக்கோ இல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் வெளிநாட்டு ரோமிங் திறந்திருந்தால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

வெளியூர் போகும்போது போன் நேரம் மாறினால் சந்தேகம் வரும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அந்த அடையாளமும் கிடைக்காது. இலங்கைக்கு வரவேற்று வரும் எஸ்.எம்.எஸ். ஒன்றுதான் எச்சரிக்கை.

இங்கே அலகைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் டேட்டாவுக்கு எம்.பி. கணக்கு. ரோமிங்குக்கு இந்த பில்லில் 10 கே.பி.க்கு 5 ரூபாய். ஓடியது 3,070 கே.பி., அதாவது 3 எம்.பி. அளவுதான். வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்து விழுந்தாலே அவ்வளவு ஆகிவிடும். 307 அலகு, அலகுக்கு 5 ரூபாய். 1,535 ரூபாய் ஆகிவிட்டது. வீட்டில் 38 ஜி.பி.க்கு ஆன செலவைப் போல இரண்டு பங்கு, கடற்கரையில் 3 எம்.பி.க்கு!

இதை மறுக்கலாம். கணக்கு தவறு என்று சொல்லக் கூடாது. நாட்டின் எல்லையைத் தாண்டவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கான சாட்சி அதே பில்லில் இருக்கிறது. அன்று காலையும் மாலையும் இந்திய டவரில் பேசிய அழைப்புகள் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அந்த வரிகளை அடிக்கோடிடுங்கள். வண்டி நிறுத்திய சீட்டோ, இராமேஸ்வரத்தில் தங்கிய ரசீதோ இருந்தால் அதையும் சேருங்கள். வெளிநாட்டு ரோமிங் சேவையைக் கேட்டு வாங்கியது யார், எப்போது என்றும் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ரோமிங் கணக்கு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வர வேண்டும் என்பதால், சில சமயம் அடுத்த மாத பில்லில் வரும். எனவே பில் மாதத்தைப் பார்க்காமல், வரியில் உள்ள தேதியைப் பாருங்கள்.

மதிப்புக் கூட்டுச் சேவை

மூன்றாவது வரி "Value Added Services". ஜோதிடம், பாட்டு, விளையாட்டு போன்றவை இதில் வரும். வாசகியின் பில்லில் ஒரு விளையாட்டுச் சேவைக்கு 60 ரூபாய் வீதம் நான்கு முறை இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒரு முறை வந்திருப்பதால், ஒரு முறை தொடங்கிய சந்தா தானாகவே புதுப்பித்துக்கொண்டு போகிறது என்று தெரிகிறது. தொகை சிறியதாக இருப்பதால் பலர் இதைப் பல மாதம் கவனிப்பதில்லை. பழைய பில்களையும் எடுத்துப் பாருங்கள்.

மூன்றிலும் வாடிக்கையாளர் பக்கம் வலுவாக இருப்பது இதில்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் இட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் ஒரு முறை அழுத்தினால் போதாது. இரண்டாவது முறையும் தனியாகச் சம்மதம் தர வேண்டும். ஆகவே புகாரில், "இரண்டாவது சம்மதம் எந்தத் தேதியில், எந்த வழியில் வந்தது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சேவையை உடனே நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கூகுள் பிளே ஸ்டோரில் வாங்கியதை போன் பில்லில் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. பில்லில் கூகுள் பெயர் இருந்தால் 155223-ஆல் பயனில்லை. பிளே ஸ்டோரில் "Payments & subscriptions" பகுதிக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்து என்ன செய்வது?

முதல் நாளே 198-க்கு அழைத்து வெளிநாட்டு ரோமிங்கை அடைக்கச் சொல்லுங்கள். போன் அமைப்பிலும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். பிறகு ரோமிங்குக்கு ஒன்று, சந்தாவுக்கு ஒன்று எனத் தனித்தனிப் புகாராகப் பதிவு செய்து, இரண்டுக்கும் புகார் எண் வாங்குங்கள். மறுக்கும் தொகை 1,775 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி. 319.50-ம் சேர்ந்து 2,094.50. மறுக்காத 1,389.14-ஐக் கடைசித் தேதிக்கு முன் கட்டிவிடுவதாகவும், மீதியைப் புகார் முடியும்வரை நிறுத்தி வைக்கும்படியும் சொல்லி, அதையும் பதியச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். வங்கியிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால், புகார் முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

பதில் திருப்தி இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆகவே அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குஜராத்தில் ஒருவருக்கு மாதம் சராசரி 555 ரூபாய் வந்துகொண்டிருந்த போஸ்ட்பெய்டு பில், 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்துக்கு 24,609 ரூபாய் 51 பைசா என்று வந்தது. அவர் 2014-இல் அகமதாபாத் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது என்று வோடபோன் ஐடியா கம்பெனி உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியது. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த பில் சரியா தவறா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. கதவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் உறுதி செய்தது. நம் பகுதிக்கு தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் அந்தக் குஜராத் வழக்கில், எந்த மன்றம் விசாரிப்பது என்ற கேள்விக்கே எட்டு வருடம் போய்விட்டது. 2,094 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாமல் இருக்க வேண்டுமானால், தேதியும் வரியும் குறிப்பிட்ட அந்த முதல் புகாரைச் சரியாக எழுத வேண்டும். விதைப்புக்கு முன் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்கினால் போதும்.