‘அணைத்தாராம்’ வேறு, ‘அணைத்திருக்க வேண்டும்’ வேறு

ஜேர்மனியில் வளர்ந்த நம்மில் பலருக்கு வேலையிடத்தில் இது நடக்கும். நாலு மொழி தெரிந்த பிள்ளை என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், மொழிபெயர்ப்பு எல்லாம் நம் மேசைக்கே வந்து சேரும்.

எனக்கு வந்தது ஒரு பக்க விபத்து அறிக்கை. பொதிகளை நகர்த்தும் பட்டையின் மோட்டாரை மாற்றும்போது ஒரு மின் தொழிலாளிக்குக் கரண்ட் அடித்துவிட்டது. நல்லவேளை, இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். அறிக்கை இங்கிலாந்தில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். “உனக்கு ஆங்கிலம் நன்றாக வரும்தானே, மத்தியானத்துக்குள் முடித்துவிடு” என்றார் மேலாளர்.

முடித்தும் விட்டேன். திரும்பி வாசித்தபோதுதான் பயம் வந்தது. மூன்று வசனங்களில் நான் நடந்ததையே மாற்றி எழுதியிருந்தேன்.

முதல் வசனம், மோட்டார் ‘ஃப்ரைகெஷால்ட்டெட்’ ஆக இருக்கவில்லை என்றது. புதிய சிம் அட்டையை ஃப்ரைஷால்ட்டன் செய்வது என்றால் அதை இயங்க வைப்பது. அந்தப் பழக்கத்தில், மோட்டார் இயக்கப்படவில்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் மின்வேலையில் இந்தச் சொல்லுக்குப் பொருள் நேர் எதிர். ஜேர்மன் மின் தொழிலாளர்கள் மனப்பாடமாகச் சொல்லும் 5 பாதுகாப்பு விதிகளில் முதலாவது இதுதான்: வேலை செய்யும் பகுதியை மின்வழங்கலிலிருந்து முழுவதும் துண்டித்தல். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐசோலேட்’ என்பார்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றாது, ஆனால் கம்பியில் மின்னழுத்தம் இருக்கலாம். அது ஐசோலேட் ஆகாது. ஆக, அறிக்கை சொன்னது ‘மின்சாரம் துண்டிக்கப்படவில்லை’ என்று. நான் எழுதியதை வாசிப்பவர் எல்லாம் அணைந்திருந்தது என்றே நினைத்திருப்பார்.

இரண்டாவது, தொழிலாளி பிரதான ஆளியை அணைத்ததைப் பற்றிய வசனம். அதில் ‘சொல்’ என்ற ஜேர்மன் துணைவினை இருந்தது. நான் அதை ‘ஷுட் ஹேவ்’ என்று போட்டேன். அதாவது ‘அணைத்திருக்க வேண்டும், அணைக்கவில்லை’. குற்றம் முழுவதும் அவர் தலையில். ஆனால் அந்த இடத்தில் ‘சொல்’ வருவது கடமையைச் சொல்ல அல்ல, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல. தமிழில் யோசித்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும்: ‘அணைத்தாராம்’. அம்மம்மா ஊர்க்கதை சொல்லும்போது வரும் அதே ‘ஆம்’. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சின்ன விகுதி இல்லை. யார் சொன்னார் என்று தனியாக எழுத வேண்டும்.

மூன்றாவது வசனம், சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘மின்னழுத்தம் இல்லாமை உறுதிசெய்யப்படவில்லை’. நான் அதைச் சுருக்கி, மின்னழுத்தம் காணப்படவில்லை என்று எழுதியிருந்தேன். இல்லை என்று உறுதியாகத் தெரியாத ஒன்று, இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. சரியாக மொழிபெயர்த்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: சோதித்தும் உறுதியாகவில்லையா, அல்லது சோதிக்கவே இல்லையா?

அகராதி இதற்குப் பதில் சொல்லாது. அறிக்கை எழுதிய மேற்பார்வையாளரைக் கீழே போய்ப் பார்த்தேன். சோதிக்கவே இல்லை, சோதனைக் கருவி பைக்குள்தான் இருந்தது என்றார். ஆளி விஷயத்தை அவர் நேரில் பார்க்கவில்லை, பக்கத்தில் வேலை செய்தவர் சொன்னது என்றார். எந்த ஆளி என்றும் அவருக்கு உறுதியில்லை. ஆகவே ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: ‘சக தொழிலாளி ஒருவரின் கூற்றுப்படி, அவர் பிரதான ஆளியை அணைத்திருந்தார். மின்னழுத்தம் இல்லை என்பது சோதிக்கப்படவில்லை.’ ஐசோலேட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஜேர்மன் சொல்லையும் போட்டேன். மூல அறிக்கையையும் இணைத்தேன்.

இதிலிருந்து எனக்கு வந்த முடிவு: எழுதியவரிடம் கேட்க நேரம் தராவிட்டால், விபத்து அறிக்கையை மொழிபெயர்க்கச் சம்மதிக்கக் கூடாது. ‘தாமதமாகும், தலைமை அலுவலகம் காத்திருக்கிறது’ என்பார்கள். எனக்கு ஆனது முக்கால் மணித்தியாலம். கட்டுரையில் நடையைச் சீராக்குவது நல்லதுதான். விபத்து அறிக்கையில் மூலம் தயங்கும் இடத்தில் மொழிபெயர்ப்பும் தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்தைத் துடைத்தால், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக நாம் சாட்சி சொல்கிறோம்.

அடுத்த கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: எந்த ஆளி அணைக்கப்பட்டது? அதில் பூட்டுப் போடும் வசதி உண்டா? என் முதல் பிரதி போயிருந்தால், அந்தத் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்றா என்றுதான் கேட்டிருப்பார்கள்.